86 லட்சம் எங்கே போனது? ஜூன் காலாண்டு நிஃப்டி புட் ஹெட்ஜ் பற்றி மேனேஜருக்கு ஒரு குறிப்பு

சென்னை, ஜூலை 5, 2023

சார்,

திங்கட்கிழமை ரிவ்யூவில் நீங்கள் ஒரே ஒரு வரியில் விரல் வைத்தீர்கள். "இண்டெக்ஸ் புட் ஹெட்ஜ்: நஷ்டம் 86.25 லட்சம்." சந்தை பத்து சதவீதம் ஏறிய காலாண்டில் இதை முதலீட்டாளரிடம் எப்படிச் சொல்வது என்று கேட்டீர்கள். அங்கே இரண்டு வாக்கியத்தில் சொன்ன பதில் எனக்கே திருப்தியாக இல்லை. அதனால் முழுக்கதையையும் கணக்கோடு எழுதுகிறேன். செலவை நியாயப்படுத்தத்தான் உட்கார்ந்தேன். எழுதி முடிக்கும்போது நாம் செய்த ஒரு தவறும் வெளியே வந்தது. அது நீங்கள் சுட்டிக்காட்டிய இடத்தில் இல்லை.

என்ன வாங்கினோம், ஏன் வாங்கினோம்

மார்ச் மாதத்தை நினைத்துப் பாருங்கள். ஜனவரி 24 அன்று அதானி பற்றிய ஹிண்டன்பர்க் அறிக்கை. மார்ச் 10 அன்று சிலிக்கான் வேலி பேங்க் மூடப்பட்டது. அடுத்த வாரக் கடைசியில் கிரெடிட் சுவிஸை யூபிஎஸ்ஸின் தலையில் கட்டினார்கள். அடுத்த ரிசர்வ் வங்கிக் கூட்டத்தில் வட்டி இன்னும் ஏறும் என்றுதான் பெரும்பாலோர் நினைத்தார்கள். ஆனாலும் பங்குகளை விற்க நமக்கு மனமில்லை. நம் கையில் இருந்தவை விலைக்குத் தகுந்தவை என்பதுதான் உங்கள் கருத்து, என் கருத்தும் அதுதான். அதனால் 200 கோடி போர்ட்ஃபோலியோவில் பாதிக்கு, அதாவது 100 கோடிக்கு, புட் வாங்கலாம் என்று முடிவானது.

மார்ச் 31 அன்று நிஃப்டி 17,359.75-இல் முடிந்தது. அதற்கு ஐந்து சதவீதம் கீழே, ஜூன் எக்ஸ்பைரியில், 16,500 புட். எக்ஸ்பைரி அன்று நிஃப்டி 16,500-க்குக் கீழே எவ்வளவு இருக்கிறதோ, ஒரு யூனிட்டுக்கு அவ்வளவு ரூபாய் தரும். திரையில் NIFTY23JUN16500PE. ஒரு லாட் 50 யூனிட் என்பதால் ஒரு லாட்டின் மதிப்பு சுமார் 8.68 லட்சம். 100 கோடிக்கு 1,150 லாட் தேவைப்பட்டது. மூன்று மாதம் தள்ளியிருக்கும் கான்ட்ராக்டில் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையே நல்ல இடைவெளி இருக்கும். மொத்தமாகப் போட்டால் விலை நம் முன்னாலேயே ஓடும். ஆகவே அன்றும் ஏப்ரல் 3 அன்றுமாகச் சிறு சிறு ஆர்டராகப் பிரித்து வாங்கினோம். சராசரி விலை 150 ரூபாய். 57,500 யூனிட், 150 ரூபாய், 86.25 லட்சம். மொத்தப் போர்ட்ஃபோலியோவில் 0.43 சதவீதம்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். ஏப்ரல் 6 அன்று ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை 6.5 சதவீதத்திலேயே நிறுத்திவைத்தது. வெளிநாட்டுப் பணம் திரும்பி வந்தது. சந்தையின் பயத்தை அளக்கும் இண்டியா விக்ஸ் மார்ச் முடிவில் 13-ஐ ஒட்டி இருந்தது, ஜூன் முடிவில் 11-ஐ ஒட்டி வந்துவிட்டது. பக்ரீத் விடுமுறை ஒரு நாள் தள்ளிப் போனதால் ஜூன் எக்ஸ்பைரி 29-ஆம் தேதியிலிருந்து 28-க்கு முன்னே வந்தது. அன்று நிஃப்டி முதல் முறையாக 19,000-ஐத் தொட்டுவிட்டு 18,972.10-இல் முடிந்தது. நம் புட்டின் விலைக் கட்டத்தில் 0.05 என்று நின்றது. ஐந்து பைசா என்பது ஆப்ஷனுக்கு இருக்கிற மிகச் சிறிய விலை. பூஜ்யம் என்று காட்ட முடியாததால் அப்படிக் காட்டும்.

இன்ஷூரன்ஸ் உவமையை விட்டுவிடுகிறேன்

"கார் இன்ஷூரன்ஸ் கட்டிவிட்டு விபத்து நடக்கவில்லையே என்று யாராவது வருத்தப்படுவார்களா?" இப்படித்தான் எல்லா ஃபண்ட் ஆட்களும் சொல்வார்கள். திங்கட்கிழமை நானும் அதைத்தான் சொன்னேன். நீங்கள் சிரித்தீர்கள். சரிதான், அந்த உவமை ஒரு முக்கியமான இடத்தில் உடைகிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் 86 லட்சத்தைப் பிரித்துப் பார்த்துவிடலாம்.

நம் டீலிங் ஷீட்டில் தினசரி விலை இருக்கிறது. ஏப்ரல் 28 அன்று நிஃப்டி 18,065. அன்று நம் புட் விலை சுமார் 30 ரூபாய். 150 ரூபாயில் 120 ரூபாய் முதல் நான்கு வாரத்திலேயே போய்விட்டது. லட்சக் கணக்கில் 69. "காலாண்டு முழுக்கக் கரைந்தது" என்று ரிப்போர்ட்டில் நான் எழுதியிருந்தது தவறு. ஏப்ரலிலேயே கரைந்தது.

இந்த 120 ரூபாய் ஏன் போனது? நிஃப்டி 17,360-லேயே அசையாமல் நின்றிருந்து, வாலட்டிலிட்டியும் மாறாமல் இருந்திருந்தால், நான்கு வாரம் கழித்து இந்தப் புட்டுக்கு சுமார் 100 ரூபாய் விலை வரும். ஆக நாள் கழிந்ததற்காக நாம் கொடுத்தது 50 ரூபாய். மீதி 70 ரூபாய் சந்தை ஏறியதாலும் பயம் தணிந்ததாலும் போனது. அந்த 70 ரூபாயை நஷ்டம் என்று தனியாகப் படிக்கக் கூடாது. 57,500 யூனிட்டுக்கு அது 40 லட்சம். அதே நான்கு வாரத்தில் அதே ஏற்றத்தால் நம் பங்குகள் எட்டு கோடி ஏறின. ஒரே நிகழ்வு இரண்டு வரிகளில் பதிவாகியிருக்கிறது. நாம் கீழ் வரியை மட்டும் பார்த்துக் கேள்வி கேட்கிறோம்.

நாள் கழிந்ததற்கான வாடகைதான் உண்மையான செலவு. அதை நான் மறைக்கவில்லை. நாம் கொடுத்த விலைக்குள் ஆண்டுக்குப் பதினைந்து சதவீத ஏற்ற இறக்கம் அடங்கியிருந்தது. சந்தை உண்மையில் பத்து சதவீதத்துக்கும் குறைவான வேகத்தில்தான் ஆடியது. இது ஒரு முறை நடந்த துரதிர்ஷ்டம் இல்லை. ஆப்ஷன் விலைக்குள் இருக்கும் வாலட்டிலிட்டி பெரும்பாலான காலாண்டுகளில் நடப்பதைவிட அதிகமாகவே இருக்கும். விற்பவர் அந்த வித்தியாசத்துக்காகத்தான் விற்கிறார். புட்டை மட்டும் தனியாக வைத்துப் பார்த்தால் நீண்ட காலத்தில் வாங்குபவருக்கு நஷ்டம்தான். அதில் உங்களோடு எனக்கு வாதம் இல்லை.

வேறு என்ன செய்திருக்கலாம்

மார்ச்சில் நமக்கு முன்னால் மூன்று வழிகள் இருந்தன: புட் வாங்குவது, காலர் போடுவது, கொஞ்சம் பங்கை விற்று லிக்விட் ஃபண்டில் வைப்பது. ஒன்றும் செய்யாமல் இருப்பது நான்காவது வழி. ஆனால் அன்று மேசையில் இருந்த யாரும் அதைக் கேட்கவில்லை. ஆகவே 86 லட்சத்தைப் பூஜ்யத்தோடு ஒப்பிடுவது பொருந்தாது.

காலர் உங்கள் யோசனை. 16,500 புட்டை வாங்கி, அதே பணத்துக்கு மேலே ஒரு கால் ஆப்ஷன் விற்பது. அன்று 18,300 கால் ஏறக்குறைய 150 ரூபாய்க்குத்தான் போனது. புட்டின் செலவு அதில் கழிந்துவிடும். கைக்காசு போடாத ஹெட்ஜ். எக்ஸ்பைரி அன்று நிஃப்டி 18,972.10. கால் விற்ற நாம் 672 ரூபாய் கொடுத்திருப்போம். 57,500 யூனிட்டுக்கு 3 கோடியே 86 லட்சம். இலவசமாக வந்திருக்க வேண்டிய ஹெட்ஜ், நாம் காசு கொடுத்து வாங்கியதைவிட நாலு மடங்குக்கு மேல் விழுங்கியிருக்கும். அது மட்டும் இல்லை. சந்தை ஏற ஏற, விற்ற காலுக்கான மார்ஜினை ஒவ்வொரு நாளும் கட்டியிருக்க வேண்டும். வாங்கிய புட்டில் அந்தத் தொல்லை இல்லை. 86 லட்சத்தை முதல் நாளே கட்டிவிட்டால் அதற்கு மேல் ஒரு பைசாகூட யாரும் கேட்க மாட்டார்கள். (இதை "நான் அப்போதே சொன்னேன்" என்ற தொனியில் படிக்க வேண்டாம் சார். அப்போது நானும் காலர் பரவாயில்லை என்றுதான் நினைத்தேன். மார்ஜின் பணத்துக்கு பேக் ஆபீஸ் ஒத்துக்கொள்ளாததால்தான் விட்டோம்.)

அடுத்து, பங்கை விற்பது. இதுதான் சரியான ஒப்பீடு, கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது. வாங்கிய நாளில் நம் புட்டின் டெல்டா சுமார் 0.20. அதாவது நிஃப்டி நூறு புள்ளி இறங்கினால் புட் இருபது ரூபாய் ஏறும். 100 கோடிக்கு வாங்கிய புட், முதல் நாளில் 20 கோடி பங்கை விற்றதற்குச் சமம். அப்படி 20 கோடியை விற்று லிக்விட் ஃபண்டில் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

நிஃப்டி மார்ச் 31-இலிருந்து ஜூன் 30 வரை 17,359.75-இலிருந்து 19,189.05-க்குப் போனது. 10.5 சதவீதம். 20 கோடியில் 2 கோடியே 10 லட்சம் லாபத்தைக் கோட்டை விட்டிருப்போம். லிக்விட் ஃபண்டில் ஒரு காலாண்டுக்கு 1.7 சதவீதம் என்றால் 34 லட்சம் வந்திருக்கும். நிகரமாக 1 கோடியே 76 லட்சம் இழப்பு. புட்டில் போனது அதில் பாதிக்கும் குறைவு.

ஆனால் இது ஏறிய காலாண்டின் கணக்கு. என் வாதத்துக்கு வசதியான காலாண்டை மட்டும் காட்டிவிட்டு நிறுத்தினால் நீங்கள் அடுத்த கேள்வி கேட்பீர்கள். ஆகவே நானே கேட்டுக்கொள்கிறேன். நிஃப்டி மூன்று மாதமும் 17,360-ஐச் சுற்றியே நின்றிருந்தால்? அப்போதும் புட்டில் 86 லட்சம் போகும். ஆனால் பங்கை விற்றவருக்கு எதுவும் போகாது, லிக்விட் ஃபண்டின் 34 லட்சம் கூடுதலாகக் கிடைக்கும். நம் ஹெட்ஜ் அவரைவிட 1 கோடியே 20 லட்சம் பின்தங்கும். அங்கே எனக்குப் பதில் இல்லை.

இறங்கிய காலாண்டு? எக்ஸ்பைரியில் 12 சதவீதம் இறங்கி நிஃப்டி 15,277 என்று வைத்துக்கொள்ளுங்கள். புட்டுக்கு 1,223 ரூபாய் வரும், கொடுத்த 150 போக 1,073. அது 6 கோடியே 17 லட்சம். பங்கை விற்றவருக்கு 2 கோடியே 40 லட்சம் இழப்பு தவிரும், வட்டியோடு 2 கோடியே 74 லட்சம். சந்தை இறங்க இறங்கப் புட்டின் டெல்டா 0.20-இலிருந்து ஒன்றை நோக்கிப் போகும். விற்ற பங்கு அப்படி வளராது.

ஆக அமைதியில் இரண்டு வகை இருக்கிறது. ஏறுகிற அமைதி, நிற்கிற அமைதி. நிற்கிற அமைதிதான் புட்டுக்குக் கெட்ட காலம். போன காலாண்டு ஏறுகிற அமைதி. உங்கள் கேள்வி நியாயமானதுதான், ஆனால் அதை வேறொரு காலாண்டில் கேட்டிருக்க வேண்டும்.

எப்போதாவது கிடைப்பது எவ்வளவு

2020 மார்ச் காலாண்டை எல்லாரும் எடுத்துக்காட்டுவார்கள், நானும் எடுக்கிறேன். ஆனால் வழக்கமாகச் சொல்லாமல் விடும் ஒரு விவரத்தோடு. 2019 டிசம்பர் 31 அன்று நிஃப்டி 12,168.45. நம் இதே விதிப்படி ஐந்து சதவீதம் கீழே 11,550 புட் வாங்கியிருந்தால், கணக்குக்கு 100 ரூபாய் என்று வைப்போம். மார்ச் 23 அன்று நிஃப்டி ஒரே நாளில் 13 சதவீதம் விழுந்து 7,610.25-இல் முடிந்தது. அன்று அந்தப் புட்டின் உள்மதிப்பு 3,940 ரூபாய். ஆனால் எக்ஸ்பைரி மார்ச் 26. அன்று நிஃப்டி 8,641.45. புட்டுக்குக் கிடைத்திருப்பது 2,909. மூன்றே வர்த்தக நாளில் ஆயிரம் ரூபாய்க்கு மேல் திரும்பிப் போய்விட்டது.

2,909 என்பதே 29 காலாண்டுகளின் பிரீமியம். ஆனாலும் அந்த மூன்று நாளைப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது வேறு. புட்டை எப்போது வாங்குவது என்று பேசுகிறோம், விலை ஏறினால் எப்போது விற்பது என்று நம்மிடம் எழுதிவைத்த விதியே இல்லை. 2020 மார்ச்சில் நம் கையில் அது இருந்திருந்தால், சத்தியமாகச் சொல்கிறேன், எக்ஸ்பைரி வரை பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்போம்.

"அப்போது வேண்டும்போது வாங்கிக்கொள்ளலாமே" என்றும் கேட்டீர்கள். அந்த மார்ச்சில் இண்டியா விக்ஸ் 80-ஐத் தாண்டியது. எச்சரிக்கையாக 50 சதவீத வாலட்டிலிட்டியில் கணக்கிட்டாலே, ஐந்து சதவீதம் கீழே உள்ள மூன்று மாதப் புட்டுக்கு இண்டெக்ஸ் மதிப்பில் ஏழு சதவீதத்துக்கு மேல் கேட்பார்கள். நாம் ஏப்ரலில் கொடுத்தது 0.86 சதவீதம்.

பெரிய சரிவு மட்டும்தான் பணம் தரும் என்றும் இல்லை. 2022 மார்ச் 31 அன்று நிஃப்டி 17,464.75, ஜூன் 30 எக்ஸ்பைரியில் 15,780.25. ஐந்து சதவீதம் கீழே 16,600 புட் வைத்திருந்தவருக்கு 820 ரூபாய் கிடைத்திருக்கும். இந்த ஆண்டு மார்ச் காலாண்டில் 17,200 புட் எக்ஸ்பைரியில் 119 ரூபாய் தந்திருக்கும். போட்ட பிரீமியம்கூட அதில் தேறியிருக்காது.

புட் எதற்கு உதவாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஹிண்டன்பர்க் அறிக்கை வந்த வாரத்தில் அதானி பங்குகள் பாதாளத்துக்குப் போயின, நிஃப்டி சில சதவீதம்தான் அசைந்தது. நம் போர்ட்ஃபோலியோவில் ஒரு பங்கு தனியாக அடி வாங்கினால் நிஃப்டி புட் திரும்பிக்கூடப் பார்க்காது. எல்லாம் சேர்ந்து விழும்போதுதான் அதற்கு வேலை.

நாம் செய்த தவறு

இப்போது அந்த உவமைக்கு வருகிறேன். கார் இன்ஷூரன்ஸ் எடுத்தால் பாலிசி ஆண்டு முழுக்க அதே காரின் மேல் இருக்கும். புட் அப்படி இல்லை. சந்தை ஏற ஏற அது நம்மை விட்டு விலகிப் போகும்.

மே 31 அன்று நிஃப்டி 18,534.40. நம் ஸ்ட்ரைக் அதே 16,500. இடைவெளி 11 சதவீதம். புட்டின் விலை சுமார் 4 ரூபாய். அன்று சந்தை ஒரு வாரத்தில் எட்டு சதவீதம் விழுந்திருந்தால் நம் பங்குகளில் 17 கோடி போயிருக்கும், புட் நமக்கு அதில் சொற்பமே தந்திருக்கும். ஜூன் 1 அன்று நான் உங்களுக்கு அனுப்பிய ரிஸ்க் ஷீட்டில் "100 கோடிக்கு ஹெட்ஜ் உள்ளது" என்று இருந்தது. லாட் எண்ணிக்கைப்படி அது உண்மை. டெல்டாப்படி அன்று இருந்த ஹெட்ஜ் ஒரு கோடி சொச்சம். அந்த நேரத்தில் அமெரிக்கக் கடன் உச்சவரம்பு விவகாரம் கடைசி நாள் வரை இழுபறியாக இருந்தது ஞாபகம் இருக்கும். நாம் பாதுகாப்பாக இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்த ஆறு வாரம், வெறும் கையோடு நின்றிருக்கிறோம். அந்த ஷீட்டைத் தயாரித்தது நான்தான்.

ஏப்ரல் 28 அன்றே இதைச் சரி செய்திருக்கலாம். நிஃப்டி வாங்கிய இடத்திலிருந்து நாலு சதவீதம் ஏறியிருந்தது. 16,500 புட்டை 30 ரூபாய்க்கு விற்று, 17,200 புட்டை சுமார் 80 ரூபாய்க்கு வாங்கி மேலே ஏற்றியிருந்தால், கூடுதலாக 50 ரூபாய், 28.75 லட்சம் ஆகியிருக்கும். ஜூன் எக்ஸ்பைரியில் அந்த 17,200 புட்டும் ஐந்து பைசாவில்தான் முடிந்திருக்கும். மொத்தச் செலவு 1 கோடியே 15 லட்சம் ஆகியிருக்கும். திங்கட்கிழமை நீங்கள் இன்னும் கோபமாக இருந்திருப்பீர்கள்.

ஆனாலும் அதுதான் சரியான செலவு என்பேன். நாம் 86 லட்சத்துக்கு மூன்று மாதப் பாதுகாப்பு வாங்கியதாக நினைத்தோம். கிடைத்தது ஐந்தாறு வாரம். மீதிக் காலத்துக்கு வேண்டிய 29 லட்சத்தை நாம் செலவழிக்கவே இல்லை.

இந்தக் காலாண்டுக்கு நான் கேட்பது

விக்ஸ் இறங்கியதால் புட் இப்போது மலிவு. நிஃப்டி 19,189 என்று வைத்துக் கணக்கிட்டால், ஐந்து சதவீதம் கீழே 18,200, செப்டம்பர் 28 எக்ஸ்பைரி, சுமார் 95 ரூபாய். ஏப்ரலில் இண்டெக்ஸ் மதிப்பில் 0.86 சதவீதம் கொடுத்தோம், இப்போது அரை சதவீதம். போர்ட்ஃபோலியோ 218 கோடியைத் தாண்டியிருக்கிறது. அதில் பாதிக்கு 1,130 லாட், 53.7 லட்சம். அதற்கு மேல் 30 லட்சம் தனியாக ஒதுக்க வேண்டும். அது மேலே ஏற்றுவதற்கு மட்டும். இரண்டையும் கூட்டினால் போன காலாண்டில் செலவழித்த தொகைக்குச் சற்றுக் குறைவுதான்.

இந்த முறை மூன்று விதிகளை முன்கூட்டியே எழுதிவைக்கலாம். வாங்கிய நாளின் அளவிலிருந்து நிஃப்டி நாலு சதவீதம் மேலே முடிந்தால், அடுத்த நாளே ஸ்ட்ரைக்கை மேலே ஏற்றுவோம், யாரிடமும் மறுபடி கேட்க வேண்டாம். எக்ஸ்பைரிக்கு முப்பது நாளுக்குக் கீழே இருந்தால் டிசம்பர் கான்ட்ராக்டுக்கு மாறுவோம். புட்டின் விலை வாங்கியதைப்போல ஐந்து மடங்கு ஆனால் மூன்றில் ஒரு பங்கை விற்று, அந்தப் பணத்தில் பங்கு வாங்குவோம். நிஃப்டி ஆப்ஷன் பணமாகவே தீர்வதால், எல்லாரும் விற்கும் நாளில் நம் கையில் காசு இருக்கும். ஐந்து மடங்கு என்ற எண்ணில் பெரிய விஞ்ஞானம் எதுவும் இல்லை. நாலு என்றாலும் ஆறு என்றாலும் சரி. அன்றைக்குக் குழம்பி நிற்காமல் இருக்க ஏதாவது ஒரு எண் இன்று வேண்டும்.

ரிஸ்க் ஷீட்டில் இனி லாட் எண்ணிக்கையோடு டெல்டாவையும், நிஃப்டி ஐந்து, பத்து சதவீதம் விழுந்தால் புட் என்ன தரும் என்பதையும் வாராவாரம் போடுகிறேன். போன வாரத்துக்கானதைச் சோதனைக்காகப் போட்டுப் பார்த்தேன். இரண்டு கட்டத்திலும் பூஜ்யம் வந்தது, ஏனென்றால் ஜூன் 28-க்குப் பிறகு நம்மிடம் ஒரு ஹெட்ஜும் இல்லை.

முதலீட்டாளர் கடிதத்துக்கு ஒரு வரி எழுதி வைத்திருக்கிறேன்: "இந்தக் காலாண்டில் ஹெட்ஜுக்கு 0.43 சதவீதம் செலவானது. அந்த ஹெட்ஜ் இல்லாவிட்டால் 20 கோடி பங்கை விற்றிருப்போம், அதன் விலை 0.88 சதவீதம்." அவர்கள் கூடுதலாகக் கேட்டால் நிற்கிற அமைதி பற்றிய கணக்கையும் கொடுத்துவிடலாம். மறைத்தால் அடுத்த காலாண்டில் அதுவே திரும்பி வரும்.

18,200 புட்டில் இன்று காலை வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நாலு ரூபாய் வித்தியாசம் இருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் நீங்கள் சரி என்று சொன்னால் திங்கள், செவ்வாய் இரண்டு நாளாகப் பிரித்து வாங்கிவிடுகிறேன்.